செட்டிங் கற்றதும் விலகிப் போகும் தொழிலாளர்கள்: சம்பளப் படிநிலையை எப்படி அமைப்பது?

கேள்வி: ஓசூர் சிட்கோவில் சிஎன்சி லேத் ஜாப் ஒர்க் செய்கிறோம். மொத்தம் 34 பேர், அதில் செட்டர்கள் 8 பேர். ஐடிஐ முடித்த பையன்களை 15,500 ரூபாய்க்கு ஆபரேட்டராக எடுத்து, செட்டிங் வரை நாங்களே பழக்குகிறோம். ஏப்ரலில் 8 சதவீதம் ஏற்றுகிறோம், செட்டர் ஆனால் 1,500 கூடுதல். இரண்டு வருடம் ஆனதும் வெளியே 24,000 தருகிறார்கள் என்று போய்விடுகிறார்கள். போன வருடம் மட்டும் 5 செட்டர்கள் போனார்கள். ஊக்கத்தொகை, பதவி உயர்வு இவற்றை எப்படி வைத்தால் நிற்பார்கள்? பாண்டு எழுதி வாங்கி சர்டிபிகேட்டை வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

முதலில் உங்கள் கணக்கையே இரண்டு ஆண்டுகளுக்கு ஓட்டிப் பாருங்கள். 15,500 ரூபாயில் சேர்ந்தவர் இரண்டு ஏப்ரல்களுக்குப் பிறகு சுமார் 18,080 ரூபாயில் இருப்பார். செட்டருக்கான 1,500 ரூபாயைச் சேர்த்தால் 19,600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே நாளில் வெளியே அவருடைய விலை 24,000 ரூபாய். அதாவது, மாதத்துக்கு 4,400 ரூபாய் வித்தியாசத்தை நீங்களே இரண்டு ஆண்டுகள் செலவழித்து உருவாக்கி, அதை வேறொருவர் எடுத்துக்கொள்ள விட்டுவிடுகிறீர்கள். சேர்ந்த புதிதில் அவருக்குச் சந்தை விலையையே தருகிறீர்கள். இடைவெளி விழுவது அவர் தனியாக ஒரு மெஷினை செட் செய்து முதல் பீஸை ஓகே வாங்கும் மாதத்தில். ஆகவே மொத்தச் சம்பளப் பட்டியலையும் உயர்த்துவதைவிட, அந்த ஒரு மாதத்தைச் சுற்றி ஊதியத்தை மாற்றி அமைப்பதே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை என்று நினைக்கிறேன்.

அதற்கு, ஏப்ரல் உயர்வைச் சார்ந்திராத ஒரு திறன் படிநிலை வேண்டும். உங்கள் அளவுள்ள கூடத்துக்கு நான்கு படிகள் போதும். முதல் படியில் இருப்பவர் பீஸை ஏற்றி இறக்கி, கேஜில் சரிபார்த்து, சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்திக் கூப்பிடத் தெரிந்தவர். இரண்டாம் படியில் இருப்பவர் இன்செர்ட் மாற்றி, மைக்ரோமீட்டரில் அளந்து, தேய்மானத்துக்கு ஏற்ப ஆஃப்செட்டைத் தானே திருத்துபவர். மூன்றாம் படி உங்கள் செட்டர்: ஜாவைக் கடைந்து, டூல்களையும் ஒர்க் ஆஃப்செட்டையும் எடுத்து, ஏற்கெனவே ஓடிய ஒரு பாகத்துக்கு மெஷினை மாற்றித் தருபவர். நான்காம் படி, புதிய டிராயிங்கைப் படித்து, டூல் தேர்ந்தெடுத்து, ப்ரோக்ராம் எழுதி, சைக்கிள் டைமைக் குறைக்கத் தெரிந்தவர். ஒவ்வொரு படிக்கும் ஒரே சம்பளத் தொகையை எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். உங்கள் நிலைமைக்கு 15,500, 18,000, 23,000, 28,000 என்று வைத்து யோசிக்கிறேன்.

படிநிலையின் உயிர் தேர்வில்தான் இருக்கிறது. மேற்பார்வையாளரின் அபிப்பிராயத்தை வைத்துப் படி உயர்த்தினால், ஆறு மாதத்துக்குள் ‘அவருக்கு வேண்டியவர்’ என்ற பேச்சு வந்து படிநிலை செத்துவிடும். மூன்றாம் படிக்கான தேர்வை மெஷின் மேலேயே வையுங்கள். தெரிந்த ஒரு பாகத்திலிருந்து தெரிந்த இன்னொரு பாகத்துக்கு 90 நிமிடத்தில் மாற்ற வேண்டும். முதல் மூன்று பீஸ்களும் டாலரன்ஸுக்குள் இருக்க வேண்டும். அளப்பவர் உற்பத்திப் பிரிவைச் சாராத தர ஆய்வாளராக இருக்க வேண்டும். இதை வெவ்வேறு நாட்களில் மூன்று முறை செய்து காட்டினால் தேர்ச்சி. ஒருமுறை மட்டும் வைத்தால் அதிர்ஷ்டமும் கலந்துவிடும். 90 நிமிடம் என்பது நான் எடுத்துக்கொண்ட அளவு. உங்களிடம் நன்றாகச் செய்பவர் இன்று எடுக்கும் நேரத்துடன் 20 சதவீதம் சேர்த்து உங்கள் அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்ச்சி பெற்றவருக்கு அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்லாமல் உயர்வைக் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு நடைமுறை நுணுக்கம் இருக்கிறது. செட்டரின் சம்பளம் 19,600 ரூபாயிலிருந்து 23,000 ரூபாய்க்குப் போகும்போது அவர் இஎஸ்ஐ வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டுகிறார். கையில் வரும் தொகை கூடுகிறது. ஆனால் மனைவிக்கும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் இருந்த மருத்துவ வசதி போகிறது. இது பெரும்பாலான முதலாளிகளின் கண்ணில் படுவதில்லை, தொழிலாளிக்கோ வீட்டில் முதல் சண்டையாக வந்து நிற்கிறது. இஎஸ்ஐயில் பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. ஒரு காலம் தொடங்கிய பிறகு சம்பளம் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை அவர் இஎஸ்ஐயில் நீடிப்பார். அதற்குரிய பயன் காலமும் பின்னால் தொடரும். ஏப்ரல் 1 அன்றே உயர்த்தினால் பங்களிப்பு அன்றே நின்றுவிடும். மே 1 அன்று உயர்த்தினால் செப்டம்பர் வரை பங்களிப்பும் அடுத்த ஜூன் வரை பயனும் இருக்கும். ஆகவே தேர்வுகளை மாதாமாதம் வைத்துக்கொண்டாலும், 21,000 ரூபாயைத் தாண்டும் உயர்வை மட்டும் மே 1, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து அதுவரை மாதம் 1,300 ரூபாய் கொடுத்து 20,900 ரூபாயில் நிறுத்தலாம். இஎஸ்ஐ முடியும் மாதத்திலிருந்து குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் பாதியை நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, சம்பளம் என்பதன் வரையறையே மாறியிருப்பதால், எந்தத் தொகை எந்தத் தலைப்பில் வர வேண்டும் என்பதை உங்கள் பிஎஃப் ஆலோசகரிடம் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தொகைகளை ஒட்டுங்கள்.

23,000 ரூபாய் கொடுத்தாலும் வெளியே 24,000 ரூபாய் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மீதியைத் தக்கவைப்புத் தொகையாகக் கொடுப்பது நல்லது. ஆனால் அதைப் பலர் அமைக்கும் விதம் தவறு. ஆண்டு முழுவதற்குமான தொகையைத் தீபாவளிக்கு மொத்தமாகக் கொடுத்தால், அது தீபாவளி வரை மட்டுமே ஆளை நிறுத்தும். பலகாரத் தட்டு காலியாவதற்குள் வேலையை விட்டு நின்றவர்களை ஓசூரில் தொழில் நடத்தும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொகை முழுவதும் கைக்கு வந்து, இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு நாளை நாமே தேதி குறித்துக் கொடுத்துவிடுகிறோம்.

அதற்குப் பதிலாகச் சுழற்சி முறையில் வையுங்கள். மூன்றாம் படிக்கு வந்தவருக்கு மாதம் 1,200 ரூபாய் வீதம் அவர் பெயரில் எழுதப்படும். ஒரு காலாண்டில் சேரும் 3,600 ரூபாய் சரியாக ஓர் ஆண்டு கழித்துக் கைக்கு வரும். ஜனவரி முதல் மார்ச் வரை எழுதியது அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஏப்ரல் முதல் ஜூன் வரை எழுதியது அடுத்த ஆண்டு ஜூலையில் என்று போகும். முதல் பதினைந்து மாதங்கள் கழிந்த பிறகு அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் வந்துகொண்டே இருக்கும்; அதே சமயம் எந்த நாளில் பார்த்தாலும் குறைந்தது 14,400 ரூபாய் நிறுவனத்தில் நிற்கும். விலகிப் போக வசதியான தேதி என்று ஒன்று இருக்காது. இதில் மூன்று நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். இது சம்பளத்திலிருந்து பிடிக்கும் பணமாக ஒருபோதும் இருக்கக் கூடாது, சம்பளத்துக்கு மேல் நிறுவனம் தருவதாகவே இருக்க வேண்டும். வேலை இல்லை என்று நீங்களே நிறுத்தினாலோ, அவருக்கு விபத்தோ மரணமோ நேர்ந்தாலோ முழுத் தொகையும் உடனே கொடுக்கப்பட வேண்டும். இரண்டு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து, தன் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட்டுப் போகிறவருக்கும் முழுத் தொகையைக் கொடுத்துவிடுங்கள். கடைசி நிபந்தனையைக் கேட்டதும் பல முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் உங்களை அதிகம் பாதிப்பது, திங்கட்கிழமை காலையில் போனை எடுக்காமல் போய்விடுவதுதான். அதைத் தவிர்க்கும் விலை 14,400 ரூபாய் என்றால் மலிவு.

இந்தத் தொகையிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மாதம் 4,400 ரூபாய் குறைவாகப் பெறும் ஒருவரை 14,400 ரூபாய் நான்கு மாதத்துக்கு மேல் தடுக்காது. ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காகவோ, மேற்பார்வையாளருடன் ஏற்பட்ட ஒரு நாள் கோபத்திலோ போவதை மட்டுமே அது தடுக்கும். ஆகவே படிநிலைச் சம்பளம் முதலில், தக்கவைப்புத் தொகை பிறகு. வரிசை மாறினால் பணம் வீண்.

இப்போது செலவு. எட்டு செட்டர்களும் தேர்ச்சி பெற்றால் தலைக்கு 3,400 ரூபாய் உயர்வு, ஆண்டுக்குச் சுமார் 3.26 லட்சம், தக்கவைப்புத் தொகை 1.15 லட்சம், ஆக 4.4 லட்சம். மறுபுறம், ஒரு செட்டர் போனால் உங்களுக்கு என்ன ஆகிறது? புதியவர் ஒரு மாற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் அதிகம் எடுக்கிறார், வாரத்துக்கு ஐந்து மாற்றங்கள், மெஷின் மணி விகிதம் 350 ரூபாய் என்று வைத்தால், மாதத்துக்குச் சுமார் 11,300 ரூபாய் மெஷின் நேரம் போகிறது. மூன்று மாதம் முழுதாகவும் அடுத்த மூன்று மாதம் பாதியாகவும் கொண்டால் 51,000 ரூபாய். ரிஜெக்ஷன், உடையும் இன்செர்ட், மற்றவர்களுக்குத் தரும் இரட்டைச் சம்பள ஓவர்டைம் ஆகியவற்றைச் சேர்த்து 80,000 ரூபாய் என்று கொள்ளலாம். போகிறவர்கள் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தால் மிச்சம் 2.4 லட்சம். ஆக, ஆள் போகாமல் இருப்பதால் மட்டும் இந்தத் திட்டம் தன் செலவை மீட்காது. இன்னும் 2 லட்சம் வேண்டும். அது மாற்ற நேரத்திலிருந்து வர வேண்டும். வாரத்துக்கு 40 மாற்றங்களில் ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் குறைந்தால், வாரம் 10 மணி நேரம், ஆண்டுக்கு 1.8 லட்சம் ரூபாய். ஆனால் அந்த 10 மணி நேரத்தை விற்க உங்களிடம் ஆர்டர் இருந்தால்தான் அது பணம். ஆர்டர் இல்லாமல் மெஷின் நிற்கும் கூடத்தில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அப்படியானால் முதலாண்டில் ஐந்து மூன்றாம் படி இடங்களோடு தொடங்குங்கள்.

உற்பத்தி ஊக்கத்தொகையைப் பீஸ் எண்ணிக்கையில் வைக்கும் ஆசை வரும். செட்டர்களுக்கு அது வேண்டாம். எண்ணிக்கைக்குப் பணம் என்றால் செட்டர் ஒரே பாகம் நீண்ட நேரம் ஓடும் மெஷினைப் பிடித்துக்கொண்டு, அடிக்கடி மாறும் மெஷினைத் தட்டிக்கழிப்பார். ஆபரேட்டர் தேய்ந்த இன்செர்ட்டை இன்னும் இருபது பீஸ் ஓட்டிப் பார்ப்பார். இதைவிட மோசமான விளைவு, யாரும் யாருக்கும் சொல்லித் தரமாட்டார்கள் என்பது. சொல்லித் தருகிற அரை மணி நேரம் அவர் கைக்காசு. ஆகவே ஷிப்டு முழுவதற்குமாக, ரிஜெக்ஷனைக் கழித்த எண்ணிக்கையில் ஒரு சிறு குழுத் தொகை வைப்பதோடு நிறுத்திக்கொண்டு, செட்டருக்குக் கற்பித்தலுக்கான தொகை வையுங்கள். அவர் பழக்கிய இரண்டாம் படி ஆள் மூன்றாம் படித் தேர்வில் தேறினால் 5,000 ரூபாய். அதில் பாதி தேறிய மாதத்தில், மீதிப் பாதி ஆறு மாதம் கழித்து, பழகியவர் செட்டிங்கில் முதல் பீஸ் பெரிய குறையின்றி ஓகே ஆகிறதா என்று பார்த்த பிறகு. தன் இடத்துக்குப் போட்டி வருகிறதே என்ற பயத்தில் ஜா கடையும் வேலையைக் காட்டாமல் முதுகைத் திருப்பிக்கொள்ளும் பழைய செட்டரின் குணம் இதனால் கணிசமாகக் குறையும்.

திட்டத்தைத் தொடங்கும் மாதத்தில் வரும் உண்மையான சிக்கல் புதியவர்களிடமிருந்து வராது, பழையவர்களிடமிருந்து வரும். எட்டு ஆண்டுகளாக இருக்கும் ஒருவர், ஆண்டு உயர்வுகளாலேயே 22,000 ரூபாய்க்கு வந்தவர், போர் கேஜை நம்பாமல் கைப்பழக்கத்தில் வேலை செய்பவர், தேர்வில் தோற்கக்கூடும். இரண்டு ஆண்டுப் பையன் அதே தேர்வில் தேறி 23,000 ரூபாய்க்குப் போவான். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசுவார்கள் என்பதை நீங்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பழையவரின் சம்பளத்தை ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். ஆனால் தேறும்வரை விலைவாசிக்கான சிறு உயர்வைத் தவிர வேறு உயர்வு இல்லை என்று அவரிடம் தனியாக, தேர்வு அறிவிப்புக்கு முன்பே சொல்லுங்கள். அவருக்குத் தேர்வுக்கு முன் இரண்டு மாதம் பழகிக்கொள்ள மெஷின் நேரம் ஒதுக்குங்கள். சேவைக் காலத்துக்கு மரியாதை தேவை. அதை ஆண்டுக்கு 100 ரூபாய் என்பது போன்ற தனி சேவைப்படியாகக் காட்டுங்கள், படியோடு கலக்காதீர்கள். நான் பார்த்த கூடங்களில் படிநிலைத் திட்டம் முறிந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதலாளி ஒரு மூத்தவருக்காக இரக்கப்பட்டுத் தேர்வில்லாமல் மூன்றாம் படி கொடுப்பார். அடுத்த வாரமே தேர்வுக்கு மதிப்பு போய்விடும்.

நான்காம் படிக்கு மேல் என்ன என்ற கேள்வியை மழுப்பாமல் எதிர்கொள்ளுங்கள். 34 பேர் கொண்ட கூடத்தில் புரடக்ஷன் இன்சார்ஜ் இடம் ஒன்றுதான். அதை எதிர்பார்த்து நான்கு பேரை நிறுத்திவைக்க முடியாது. ஆர்டர் குறைவான முதலாண்டைத் தவிர, மூன்றாம் படியைத் தேறிய எவருக்கும் திறந்து வையுங்கள், ஏனெனில் கூடுதல் செட்டர்கள் மெஷினையும் ஓட்டுவார்கள். நான்காம் படியை இரண்டு அல்லது மூன்று இடங்களுக்குள் வரையறுத்து, அதை முன்பே சொல்லிவிடுங்கள். அந்த இடங்களில் இருப்பவர்களுக்கு ஆட்களை மேய்க்கும் வேலையைக் கொடுக்க வேண்டியதில்லை. புதிய பாகத்துக்கு விலைப்புள்ளி தரும்போது சைக்கிள் டைம் மதிப்பிடுவது, ஃபிக்சர் வடிவமைப்பது, தரப் புகார் வந்தால் வாடிக்கையாளர் ஆலைக்கு நேரில் போய் விளக்குவது ஆகியவற்றை அவர்களிடம் விடுங்கள். நல்ல செட்டரை மேற்பார்வையாளராக்கி, செட்டரையும் இழந்து மேற்பார்வையாளரும் கிடைக்காமல் போவது இந்த வட்டாரத்தில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற ஆலைகள் இருக்கும் ஊரில், நான்காம் படியை எட்டியவர்களில் சிலர் போகத்தான் செய்வார்கள். ஐந்தாவது ஆண்டு நிறைவதற்கு முன் போகிற நிரந்தரத் தொழிலாளிக்குப் பொதுவாகப் பணிக்கொடை கிடைக்காது என்பதை, நான்காம் ஆண்டில் அவருக்குரிய தொகையைக் கணக்கிட்டு எழுதிக் கொடுத்துத் தெரியப்படுத்துங்கள். அவ்வளவுதான் உங்களால் முடியும்.

சம்பளம் சாராத காரணம் ஒன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போன ஐந்து பேரும் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை பக்கமிருந்து ரயிலிலோ பேருந்திலோ வருகிறவருக்கு, இரண்டாம் ஷிப்டு முடியும் நேரத்தில் ஊருக்குப் போக வண்டி இல்லையென்றால், அவர் ஓசூரில் அறை எடுக்கும் வாடகையையும் உங்கள் சம்பளத்தில்தான் கழித்துப் பார்ப்பார். பெரிய ஆலை பேருந்து அனுப்புகிறது. உங்களால் அது முடியாது. ஷிப்டு நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்த முடியும்.

திட்டம் வேலை செய்கிறதா என்பதை ஆண்டின் மொத்த விலகல் எண்ணிக்கையை வைத்துப் பார்க்காதீர்கள். எட்டுப் பேரில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் அது தற்செயலாக இருக்கலாம். போகிற ஒவ்வொருவரும் எந்தப் படியில், அந்தப் படிக்கு வந்து எத்தனை மாதம் கழித்துப் போனார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தேர்ச்சி பெற்ற ஆறு மாதத்துக்குள்ளேயே போகிறார்கள் என்றால் உங்கள் 23,000 ரூபாய் சந்தையைவிடப் பின்தங்கிவிட்டது, தொகையைத் திருத்துங்கள். இரண்டாம் படியில் இருப்பவர்கள் ஆறு மாதமாகத் தேர்வுக்கே பெயர் கொடுக்கவில்லை என்றால் தேர்வின் மேல் நம்பிக்கை போய்விட்டது, அல்லது பழகிக்கொள்ள மெஷின் கிடைக்கவில்லை. இரண்டில் எது என்று அவர்களிடமே கேளுங்கள்.

பாண்டு பற்றிக் கேட்டீர்கள். வேறு இடத்தில் வேலைக்குச் சேரக் கூடாது என்று எழுதி வாங்குவது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. பயிற்சிக்கு உண்மையில் செலவழித்த தொகையை நியாயமான அளவில் திருப்பிக் கேட்கலாம். ஆனால் உங்கள் பயிற்சி வேலையோடு சேர்ந்தே நடப்பதால், ரசீது காட்டி நிரூபிக்கக்கூடிய செலவு உங்களிடம் அதிகம் இருக்காது. வழக்குப் போட்டு 20,000 ரூபாய் வாங்க ஆகும் செலவையும் நாட்களையும் கணக்கிடுங்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதற்கு அந்த அளவு ஆதாரமும் கிடையாது. அதோடு, சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் கூடம் என்ற பெயர் ஓசூர், தருமபுரி அரசு ஐடிஐகளில் படிக்கும் பையன்களிடம் ஒரே பருவத்தில் பரவிவிடும். நன்றாகப் படித்தவர்கள் உங்கள் பக்கம் வராமல், வேறு வழியில்லாதவர்கள் மட்டும் வருவார்கள். ஏற்கெனவே யாருடைய சான்றிதழாவது உங்கள் அலமாரியில் இருந்தால், முதல் தேர்வை அறிவிக்கும் முன் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.